வீடியோ ட்ரிம்: வெட்டா, மடிப்பா?

தேன்மொழி:
அனைவருக்கும் வணக்கம். விளக்கக்காட்சிக் கையேட்டின் காணொளி அத்தியாயத்தில் ஒரு சொல்லுக்காக நிற்கிறேன். ஸ்லைடில் செருகிய காணொளியில் வேண்டிய பகுதி மட்டும் ஓடும்படி முன்னாலும் பின்னாலும் குறைக்கும் வசதி அது. பவர்பாயிண்டில் காணொளியைச் சொடுக்கினால் `Playback` தாவலில் `Trim Video` என்று இருக்கும். 'காணொளி வெட்டு' என்று எழுதினேன். ஆனால் `Cut` என்பதற்கும் 'வெட்டு' என்றே வைத்திருக்கிறோம். ஒரே பக்கத்தில் இரண்டு வெட்டு வந்து குழப்புகிறது. வேறு என்ன சொல்லலாம்?

அந்தோணி:
'செதுக்கு' நல்ல சொல்லாயிற்றே! படத்துக்கு அதைத்தானே சொல்கிறோம். போன வாரம்கூட ஒரு காணொளியின் வலது ஓரத்தில் தெரிந்த நாற்காலியைச் செதுக்கித்தான் எடுத்தேன்.

தேன்மொழி:
அந்தோணி அண்ணா, நீங்கள் செய்தது `Crop`. அதில் படத்தின் ஓரம் போகும், ஓடும் நேரம் குறையாது. நான் கேட்பது நேரத்தைக் குறைப்பது. 'செதுக்கு' ஓரத்துக்கே இருக்கட்டும்.

முகிலன்:
சொல்லைத் தேடும் முன் அந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். என் கருத்தில் 'வெட்டு' பொருந்தாததற்கு `Cut` காரணமே இல்லை. அங்கே எதுவும் வெட்டப்படுவதில்லை என்பதுதான் காரணம்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு பயிற்சிக்காக 4 நிமிடம் 10 நொடிக் காணொளியை ஸ்லைடில் செருகினேன். தேவைப்பட்டது நடுவில் 45 நொடிதான். `Trim Video` சாளரத்தில் பச்சைக் குறியை 01:35.000-க்கும், சிவப்புக் குறியை 02:20.000-க்கும் நகர்த்தினேன். கையால் இழுத்தால் ஒரு சொல்லின் பாதியில் போய் நிற்கும். அதனால் கீழே உள்ள `Start Time`, `End Time` பெட்டிகளில் எண்ணையே தட்டினேன். காட்சியை ஓட்டிப் பார்த்தேன், 45 நொடி மட்டும் சரியாக ஓடியது. சேமித்து, மூடி, மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன்.

அந்தக் காணொளியின் முதல் நிமிடத்தில் பதிவான என் திரையில் மாணவர்களின் மதிப்பெண் பட்டியல் திறந்திருந்தது. கோப்பைப் பெற்றவர் அதே சாளரத்தைத் திறந்து பச்சைக் குறியை இடது கோடிக்கு இழுத்திருக்கிறார். பட்டியல் முழுதும் தெரிந்திருக்கிறது. அவரே தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். அன்று பட்ட மனவேதனை இன்னும் போகவில்லை.

காற்சட்டை நீளமாக இருந்தால் கீழ்ப்பகுதியை உள்ளே மடித்துத் தைப்பார்கள், துணி உள்ளேயே இருக்கும். இதுவும் அப்படித்தான். ஆகவே 'முனை மடிப்பு' என்று முன்மொழிகிறேன்.

கதிர்:
முகிலன் அண்ணா, பகுதி அழிவதில்லை என்பது சேமிக்கும் வரைதான் இல்லையா? சேமித்து மூடிவிட்டால் போய்விடும் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியானால் அது வெட்டுதானே?

முகிலன்:
இல்லை தம்பி. நான் சேமித்து மூடித்தானே அனுப்பினேன். நீயே சோதித்துப் பார்க்கலாம். pptx கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதிதான். முனையத்தில் இதைத் தட்டு:

```
unzip -l payirchi.pptx
```

வரும் பட்டியலில் `ppt/media/` என்ற அடைவின் கீழ் காணொளி இருக்கும். என் கோப்பில் 62 மெகாபைட் காணொளி, குறைத்த பிறகும் அதே 62 மெகாபைட்டாகத்தான் இருந்தது. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்ற குறிப்பை மட்டும் பவர்பாயிண்ட் தனியே எழுதி வைக்கிறது. கோப்பின் அளவு குறையவில்லை என்பதே உள்ளே எல்லாம் இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

உண்மையிலேயே நீக்க வேண்டுமானால் `File`, `Info` பக்கத்தில் `Compress Media` என்று ஒன்று உண்டு. அதில் 1080p, 720p, 480p என்று தரம் கேட்கும். ஒன்றைத் தேர்ந்தால் மடித்த பகுதிகளைக் களைந்து காணொளியை மறுபடி குறியாக்கம் செய்யும். அப்புறம் `Trim Video`-வைத் திறந்தால் மொத்த நீளமே ஏறக்குறைய 45 நொடி என்று காட்டும். அப்படிக் காட்டினால்தான் போய்விட்டது என்று நம்பலாம். ஆனால் இது கோப்பில் உள்ள எல்லா ஊடகங்களையும் சேர்த்தே சுருக்கும். வேறொரு ஸ்லைடில் தெளிவாக இருக்க வேண்டிய காணொளியும் தரம் குறையும். அதனால் ஒரு நகல் எடுத்துவிட்டு, அனுப்பப்போகும் கோப்பில் மட்டும் செய்கிறேன்.

சுபைதா:
இந்த இழையில் என் சிக்கலையும் கேட்டுவிடுகிறேன். எனக்கு முனைகள் வேண்டும். நடுவில் 15 நொடி மட்டும் போக வேண்டும். எந்தக் குறியை இழுத்தாலும் முன்னும் பின்னும்தான் குறைகிறது. எங்கே தவறு செய்கிறேன்?

முகிலன்:
தவறு உங்களுடையது இல்லை சுபைதா. அந்த வசதிக்கு இரண்டு முனைகள்தான் தெரியும், நடுவில் எடுக்க முடியாது. ஸ்லைடையே நகலெடுத்து, முதலாவதில் போக வேண்டிய இடத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். இரண்டாவதில் அதற்குப் பின்பிருந்து தொடங்குங்கள். இரண்டிலும் `Start` என்பதை `Automatically` என வையுங்கள். முதல் துண்டு முடிந்ததும் அடுத்த ஸ்லைடுக்கு நகர்த்த வேண்டும். மாறும் இடத்தில் ஒரு கணம் தடுமாறும். பேச்சு நடுவே ஓடிக்கொண்டிருந்தால் அது நன்றாகவே தெரியும். அப்படியானால் காணொளித் தொகுப்பு மென்பொருளில் வெட்டிவிட்டுச் செருகுவதே நல்லது.

தேன்மொழி:
சுபைதாவின் கேள்வியே 'முனை' என்ற சொல் வேண்டும் என்று காட்டுகிறது. பெயரைப் படித்ததும் நடுப்பகுதிக்கு இது உதவாது என்று தெரிந்துவிடும். 'மடிப்பு' பற்றித்தான் தயக்கம். கைப்பேசியில் காணொளியைக் குறைத்துப் புதுக் கோப்பாகச் சேமித்தால், அந்தக் கோப்பில் மற்ற பகுதி இருக்காது. அங்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். ஒரு சொல்லுக்கு இரண்டு தமிழா?

முகிலன்:
செயல் இரண்டாக இருந்தால் சொல்லும் இரண்டாக இருக்கட்டும். கைப்பேசிப் புதுக் கோப்புக்கு 'முனை நறுக்கு', விளக்கக்காட்சிக்கு 'முனை மடிப்பு'. கூகுள் ஸ்லைட்ஸில் யூடியூப் காணொளிக்கு `Start at`, `End at` என்று நேரத்தை மட்டும் கேட்கும். அங்கே காணொளி நம் கோப்பிலேயே இல்லை. அதற்குத் 'தொடக்கம்', 'முடிவு' போதும், மடிப்பும் வேண்டாம்.

கதிர்:
சோதித்துவிட்டேன் அண்ணா. நான் போன மாதம் அனுப்பிய மூன்று கோப்புகளிலும் முழுக் காணொளி இருக்கிறது. பெற்றவர்களுக்கு இன்றே எழுதி, புதுக் கோப்பு அனுப்புகிறேன்.

சொல்லைப் பற்றி ஒன்று. பொத்தானில் ஏவலாகப் போட்டால் 'முனையை மடி' என்று வரும். மடிதல் என்றால் இறத்தலும்தானே? 'மடக்கு' என்று வைத்தால் என்ன?

தேன்மொழி:
'மடக்கு' என்பதை விரிந்த பட்டியலை மூடுவதற்கு, `Collapse`-க்கு, முன்பே கொடுத்துவிட்டோம். 'துணியை மடி' என்று தினமும் சொல்கிறோம், அங்கே யாரும் சாவை நினைப்பதில்லை. 'முனையை' என்று செயப்படுபொருள் முன்னால் நிற்கும்போது பொருள் மாறாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தோணி:
எனக்கு இன்னும் 'நறுக்கு'தான் எல்லா இடத்துக்கும் எளிது. பயன்படுத்துகிறவர் பொத்தானைத் தேடும்போது குறைக்க வேண்டும் என்றுதான் நினைப்பார், மடிக்க வேண்டும் என்று நினைக்கமாட்டார். உள்ளே துணி இருப்பதைப் பக்கத்தில் ஓர் எச்சரிக்கையாக எழுதினால் போதாதா?

தேன்மொழி:
அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. தேடும் சொல்லும் உண்மையைச் சொல்லும் சொல்லும் இங்கே வேறாக நிற்கின்றன. இந்தப் பதிப்பில் தலைப்பு 'முனை மடிப்பு'. 'நறுக்கு', 'வெட்டு' இரண்டையும் அகரவரிசையில் சேர்த்து அந்தப் பக்கத்துக்கே வழிகாட்டுகிறேன். `Compress Media`-வுக்கு 'ஊடகச் சுருக்கம்' என்று மட்டும் எழுதினால், அது மடித்ததையும் களைகிறது என்பது தெரியாமல் போகிறது. அதற்கு யாருக்காவது சொல் தோன்றினால் எழுதுங்கள்.