மூடியில் எழுத ஒரு சொல்: 'ஒயில் செப்பரேட்டர்'

மொழிபெயர்ப்பாளர், உப்புவெளி:
இங்குள்ள வாகனத் திருத்துமிடமொன்றில் கழுவுநீரை மீண்டும் பயன்படுத்த மூன்று அறைகள் கட்டியிருக்கிறார்கள். மூடிகளில் தமிழில் எழுதித் தருமாறு கேட்டார்கள். முதலாவதற்கு மண்படி தொட்டி, மூன்றாவதற்கு மீள்நீர்த் தொட்டி என்று எழுதிவிட்டேன். நடு அறையை 'ஒயில் செப்பரேட்டர்' என்கிறார்கள். அதற்கு 'எண்ணெய் வடிகட்டி' பொருந்துமா?

பஸ் உரிமையாளர், கிண்ணியா:
எஞ்சினிலுள்ள எண்ணெய் வடிகட்டியை நாங்கள் ஒயிலோடு சேர்த்து மாற்றிவிடுவோம். அதற்கு எதற்குக் குழியும் மூடியும்?

பொறியியலாளர், திருகோணமலை நகர்:
இந்தக் கேள்வியே அச்சொல் ஆகாது என்பதைக் காட்டிவிட்டது. அந்த அறையில் எதுவும் வடிக்கப்படுவதில்லை. மேலிருந்து தொங்கும் கொங்கிறீட் தடுப்பொன்று தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. மிதக்கும் எண்ணெய் அதன் முன்னால் தேங்க, தண்ணீர் அடியால் நழுவி அடுத்த அறைக்குப் போகிறது.

விஞ்ஞான ஆசிரியை:
எண்ணெய் இலேசானது, ஆகவே எல்லாம் மேலே வந்துவிடும். 'எண்ணெய்ப் பிரிப்பான்' என்பதே சரி.

பொறியியலாளர்:
பாதி சரி, ரீச்சர். மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு விட்டமுள்ள எண்ணெய்த் துளி, அசையாத நீரில் ஒரு மீற்றர் ஏறச் சுமார் இருபது நிமிடம் எடுக்கும். விட்டம் அதிலும் பத்திலொன்றானால் நேரம் நூறு மடங்காகும். அதாவது ஒரு நாளுக்கு மேல். எஞ்சினில் அழுக்கு நீக்கியை ஊற்றி, உயர் அழுத்தப் பம்பால் அடிக்கும்போது இத்தகைய நுண்துளிகள்தான் உண்டாகின்றன. நிமிடத்துக்குப் பதினைந்து லீற்றர் விடும் இரண்டு குழாய்கள் ஒன்றாக ஓடினால், ஆயிரம் லீற்றர் அறையில் தண்ணீர் அரை மணி நேரம்தான் தங்கும். மூன்றாம் அறை நீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து இரவு முழுவதும் வையுங்கள். காலையிலும் பால்போலக் கலங்கியிருந்தால் எண்ணெய் பிரியவில்லை என்று பொருள். அதனால் 'மிதவெண்ணெய் மறிப்பறை' என்கிறேன். எதை மறிக்கும், எதை மறிக்காது என்பது பெயரிலேயே இருக்கட்டும்.

திருத்துமிட மேற்பார்வையாளர்:
பையன்கள் அதை 'ஒயில் குழி' என்கிறார்கள். அந்தப் பெயரை நம்பி ஒருவன் கழிவு எஞ்சின் ஒயிலை ஒரு வாளி நிறைய அதற்குள் ஊற்றிவிட்டான்! 'மறிப்பறை' வாயில் நுழையுமோ தெரியாது. ஆனால் ஊற்றச் சொல்லும் சொல் அல்ல. மாரியில் கூரையில்லாத தளத்து மழைநீர் முழுவதும் அதற்குள் பாய்ந்து, தேங்கிய எண்ணெயையும் தள்ளிக்கொண்டு போகிறது. அதற்கும் ஒரு சொல் வேண்டுமா, கூரை வேண்டுமா?

பொறியியலாளர்:
கூரைதான்.

மொழிபெயர்ப்பாளர்:
மறிப்பறையை ஏற்கிறேன். ஆசிரியை மட்டும் இன்னும் 'பிரிப்பான்' பக்கமே நிற்கிறார்.

மேற்பார்வையாளர்:
மூன்றாவது மூடியையும் பாருங்கள். 'மீள்நீர்' என்றால் கைகழுவவும் எடுப்பார்கள். அந்த நீர் வண்டியின் அடிப்பாகத்துக்கும் சில்லுகளுக்கும் மட்டுமே. கடைசி அலசல் குழாய்நீரில்தான், இல்லாவிட்டால் சுற்றுக்குச் சுற்று கூடும் உப்பு பெயின்ரில் வெள்ளையாகப் படியும். 'அடிக்கழுவு நீர்' என்று எழுதலாமா?


மொழிபெயர்ப்பாளர்:
'அடி'யைத் தொட்டியின் அடி என்று படித்துவிடுவார்களோ என்று யோசிக்கிறேன். பெயின்ரர் வெள்ளிக்கிழமை வருகிறார்.