நடுவில் திறந்து மூடினால் டிஷ்வாஷர் தொடர மறுக்கிறது

முன்கதவு மாடல், 60 செ.மீ. அகலம், 65 டிகிரி புரோகிராம். கழுவும்போது கதவைக் கொஞ்சம் விலக்கி, தண்ணீர் அடிப்பது நின்றபின் முழுசாகத் திறந்து ஒரு பாத்திரம் வைத்தேன். மூடி ஸ்டார்ட் அழுத்தினால் விளக்கு எரிகிறது, பம்ப் சத்தமே இல்லை, மீதி நேரமும் குறையவில்லை. இந்த மாதம்தான் ஆரம்பித்தது. சோப்பு மூடி அதற்குள் திறந்துவிடுவதால் ரத்து செய்து மறுபடி ஓட்டினால் சோப்பு வீண்.

குளிர்ந்த நிலையில் திறந்து மூடினால் விட்ட இடத்திலிருந்தே ஒழுங்காகத் தொடர்கிறது. சூட்டில் மட்டும்தான் சிக்கல். உள்ளே போன குளிர்காற்று சூடாகி விரிந்து கதவைத் தள்ளுகிறதோ என்று, சில நிமிடம் லேசாகத் திறந்து வைத்து மூடினேன். சில நேரம் ஓடுகிறது. கதவை அழுத்திப் பிடித்தாலும் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது.

கொக்கியைச் சுத்தம் செய்தாயிற்று. கீழ்த்தட்டு கதவில் இடிக்கவில்லை. ரப்பர் சீலில் கிழிசல் இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தபோது கதவு சுவிட்ச் சரியாகவே காட்டியது, ஆனால் அது ஆறிய நிலையில்.

கொக்கி மாட்டும் தகட்டைச் சற்று உள்ளே தள்ளிப் பொருத்தினால் போதுமா, சுவிட்சையே மாற்ற வேண்டுமா?