12 பார் காற்றுத் தொட்டிக்கு 3 மி.மீ. தகடு போதுமா?

புதுத்தகடு:
காற்றுத் தொட்டி ஒன்றுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். உள்விட்டம் 600 மி.மீ., வடிவமைப்பு அழுத்தம் 12 பார், அதாவது 1.2 மெகாபாஸ்கல். கார்பன் ஸ்டீல் தகடு, அனுமதிக்கப்பட்ட தகைவு 138 மெகாபாஸ்கல். t = pr/S போட்டால் 2.6 மி.மீ. வருகிறது. 3 மி.மீ. தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் ஒரு வெல்டு, இரண்டு முனையிலும் டிஷ் எண்டு. போதுமா?

வெல்டு பாண்டி:
தகடு தாங்கும் தம்பி. நீங்கள் பயப்பட வேண்டியது டிஷ் எண்டு சேரும் சுற்று வெல்டுக்குத்தான். 600 மி.மீ. வட்டத்தின் மேல் 12 பார் என்றால் முனையை வெளியே தள்ளும் விசை 34 டன்னுக்கு மேல். அத்தனையும் அந்த ஒரு வெல்டில் தொங்குகிறது. நீள வெல்டுக்கு அப்படி என்ன வேலை இருக்கிறது? சுற்று வெல்டை நன்றாகக் கனமாகப் போடுங்கள், மற்றது தானாக நிற்கும்.

கலன்காரர்:
34 டன் சரிதான் பாண்டி. அதை எத்தனை மி.மீ. வெல்டு பகிர்ந்துகொள்கிறது என்பதையும் பார்க்க வேண்டாமா? சுற்றளவு 1,885 மி.மீ. 339 கிலோநியூட்டனை அதால் வகுத்தால், ஒரு மி.மீ. வெல்டுக்கு 180 நியூட்டன்.

இப்போது தொட்டியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்ததாக வைத்துக்கொண்டு, 1 மி.மீ. நீளமுள்ள வளையத்தை மட்டும் எடுங்கள். இரண்டு பாதிகளையும் பிரிக்கப் பார்க்கும் விசை 1.2 × 600 = 720 நியூட்டன். அதைப் பிடித்துக்கொண்டிருப்பது இரண்டு பக்கச் சுவர்கள், பக்கத்துக்கு 360. நீள வெல்டின் ஒவ்வொரு மி.மீ.யும் தாங்குவது இதைத்தான், சுற்று வெல்டைப் போல இரண்டு மடங்கு. 3 மி.மீ. தகட்டில் சுற்றுவாட்டில் இழுக்கும் ஹூப் தகைவு 120 மெகாபாஸ்கல், நீளவாட்டில் 60.

வெல்டு பாண்டி:
அதென்ன 600? பாதி வட்டத்தின் வளைவு நீளம் 942 மி.மீ. அழுத்தம் அந்த வளைவு முழுக்கத்தானே தள்ளுகிறது? உங்களுக்கு வசதியான எண்ணை எடுத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது.

கலன்காரர்:
நல்ல கேள்வி. வளைவு முழுக்கத் தள்ளுகிறது, ஆனால் ஒவ்வொரு இடத்திலும் வேறு திசையில். மேல் பாதியை எடுங்கள். உச்சியில் இருக்கும் துண்டு நேராக மேலே தள்ளப்படுகிறது. ஓரத்தில் இருப்பது ஏறக்குறைய பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. எதிர் ஓரத்துத் துண்டு அதை ரத்து செய்துவிடும். மேல்நோக்கிய பங்கை மட்டும் கூட்டினால் மிஞ்சுவது விட்டத்தின் அகலம். டிஷ் எண்டுக்கும் நீங்கள் இதையேதான் செய்தீர்கள்: கிண்ணத்தின் வளைந்த பரப்பை எடுக்காமல் தட்டை வட்டத்தின் பரப்பை எடுத்தீர்கள்.

வெல்டு பாண்டி:
சரி, அது புரிகிறது. ஆனாலும் சுற்று வெல்டில் விரிசல் விட்ட கலன்களை நான் பார்த்திருக்கிறேன். கணக்கில் பாதித் தகைவு என்றால் அங்கே ஏன் விரிய வேண்டும்?

கலன்காரர்:
அழுத்தம் மட்டும்தான் சுமை என்றால் பாதி. உயரமான கோபுரக் கலனில் காற்றடி வளைக்கும், படுக்கைக் கலன் தாங்கிகளுக்கு நடுவே தன் எடையிலேயே வளையப் பார்க்கும். அந்த இழுவிசை நீளவாட்டுத் தகைவோடு கூடிவிடும். ஊடுருவல் போதாத வெல்டு என்றால் அந்தப் பாதி மிச்சமும் கரைந்துபோகும். அந்த வகையில் நீங்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆனால் இந்தச் சின்னத் தொட்டியில் தடிமனை முடிவு செய்வது நீள வெல்டுதான்.

புதுத்தகடு, உங்கள் 2.6-ல் விட்டுப்போனது அந்த வெல்டுதான். 138 என்பது குறையில்லாத தகட்டுக்கு உரிய எண். எக்ஸ்ரே எதுவும் எடுக்காமல் இருபுறமும் வெல்டு செய்த பட் இணைப்புக்கு ஏ.எஸ்.எம்.இ. விதி தரும் இணைப்புத் திறன் 0.7. அந்தத் திறனை E என்று வைத்தால், விதியில் சூத்திரம் இப்படி வரும்:

```
t = P*R / (S*E - 0.6*P)
```

0.6P என்பது, உள்முகத்தில் தகைவு சராசரியைவிடக் கொஞ்சம் அதிகம் என்பதற்கான திருத்தம். ஆரம் தடிமனைப் போல 10 மடங்காகக் குறையும்போதுகூட pr/t-க்கும் உண்மைக்கும் 5 சதவீதம்தான் வித்தியாசம், இங்கே அது ஒரு பொருட்டே இல்லை. பெரிய அடி 0.7-ல்தான். உங்கள் எண்களைப் போட்டால் 3.76 மி.மீ. துருவுக்கு இன்னும் எதுவும் சேர்க்கவில்லை. 3 மி.மீ. இங்கேயே அடிபட்டுவிட்டது.

வெற்றிடவாசி:
எனக்கும் இதே அளவில் ஒரு வெற்றிட அறை தேவை. வெறும் 1 பார்தானே, அப்படியானால் 0.22 மி.மீ. தகடே போதும் போல?

கலன்காரர்:
வேண்டாம் சார்! உங்களுடையதில் அழுத்தம் வெளியிலிருந்து வருகிறது. உள்ளழுத்தம் சுவரை இழுத்து வட்டமாக்கும். வெளியழுத்தம் சின்னக் கோணலைக்கூடப் பெரிதாக்கி நசுக்கும். அங்கே தகைவு வரம்பைத் தொடுவதற்கு வெகு முன்பே சுவர் மடங்கிவிடும். இடையில் வளையத் தாங்கல் இல்லாத நீண்ட உருளை என்றால், 1 பாரில் மடங்காமல் இருக்கவே ஏறக்குறைய 3.7 மி.மீ. வேண்டும், பாதுகாப்புக் காரணி எதுவும் சேர்க்காமல். அது வேறு கணக்கு, தனி இழை தொடங்குங்கள்.

அமுக்கிக்காரன்:
துரு பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பட்டறையில் படுக்கை வாக்கில் கிடக்கும் தொட்டியை அல்ட்ராசோனிக் கருவியால் அளந்தார்கள். மேல் பக்கம் 4.8 மி.மீ., அடியில் 2.9. காற்றிலிருந்து பிரிகிற நீர் அடியில் தேங்குகிறது, வடிகால் வால்வை யாரும் ஒழுங்காகத் திறப்பதில்லை. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. அளப்பதற்கு முந்தைய வாரம்கூட எதுவும் தெரியவில்லை.

வெல்டு பாண்டி:
அதற்குத்தான் நீர் அழுத்தச் சோதனை இருக்கிறதே. 1.3 மடங்கு ஏற்றிப் பார்த்தால் பலவீனம் வெளியே வந்துவிடும்.

கலன்காரர்:
கசிவும் பெரிய குறையும் வெளியே வரும். ஆனால் 15.6 பாரில் 3 மி.மீ. தகட்டின் தகைவு 156 மெகாபாஸ்கல். எஸ்.ஏ. 516 கிரேடு 70 என்றால் இளகு வரம்பு 260. ஆக, விதிப்படி தடிமன் குறைந்த தொட்டிகூட அந்தச் சோதனையில் அசையாமல் நிற்கும். நாளைக்கு அரிக்கப்போகும் துருவை அது சொல்லாது.

துருவுக்கு 1.5 மி.மீ. வைத்தால் மொத்தம் 5.3 வருகிறது, ஆக 6 மி.மீ. தகடு.

புதுத்தகடு:
ஸ்பாட் எக்ஸ்ரே எடுத்தால் திறன் 0.85 ஆகிறதே. போட்டுப் பார்த்தேன்: 3.1 + 1.5 = 4.6. அப்போது 5 மி.மீ. தகடே போதும் இல்லையா?

கலன்காரர்:
விதிப்படி போதும். ஒரு தொட்டிதான் என்றால் எக்ஸ்ரே எடுப்பவரை வரவழைப்பதைவிட ஒரு மி.மீ. கூடுதல் தகடு போடுவது சுலபம் என்பது என் கருத்து. நிறைய செய்வதாக இருந்தால் நிலைமை வேறு.

வெல்டு பாண்டி:
இதில் நான் மாறுகிறேன். எக்ஸ்ரே எடுங்கள். படம் எடுப்பார்கள் என்று தெரிந்தால் வெல்டரின் கை தானாகவே சுத்தமாகிவிடும். தடிமனான தகட்டில் ஊடுருவாத வெல்டு இருந்தால், அந்தத் தடிமன் யாருக்கு உதவும்?

அமுக்கிக்காரன்:
எதை எடுத்தாலும் வடிகாலை ஆகத் தாழ்ந்த இடத்தில் வையுங்கள். எங்களுடையதில் அது இரண்டு விரற்கடை மேலே இருந்தது. திறந்தாலும் கொஞ்சம் தண்ணீர் உள்ளேயே நின்றுவிடும்.