'ரெஸ்ட்ரிக்டட் ஃபண்ட்': தமிழில் எப்படிச் சொல்வது?

மீனாட்சி:
அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்றின் கணக்கறிக்கையைத் தமிழாக்குகிறேன். கொடுத்தவர் 'இதற்குத்தான் செலவிட வேண்டும்' என்று சொன்ன பணம் ஒரு நெடுவரிசையில் இருக்கிறது, எதுவும் சொல்லாமல் தந்தது இன்னொன்றில். முதலாவதற்கு 'நிபந்தனை நிதி' என்று போட்டேன். சரிதானா?

சரவணன்:
பொருத்தம்தான். 'நோக்க நிதி' என்றும் சொல்லலாம். இரண்டையும் வேறு வேறு வங்கிக் கணக்கில்தான் வைக்க வேண்டும் என்பதால் 'தனிக்கணக்கு நிதி' என்றாலும் புரியும்.

ராஜகோபாலன்:
'நிபந்தனை' வேண்டாம் அம்மா, அது வேறிடத்தில் தேவைப்படும். 'நீங்கள் 50,000 டாலர் திரட்டினால்தான் நாங்கள் தருவோம்' என்பது நிபந்தனை. திரட்டும்வரை அதை வருமானமாக எழுத முடியாது. நீங்கள் கேட்பதோ வந்தவுடனே முழுதும் வருமானமாகிற பணம். 'நோக்கம்' பாதிதான் சொல்கிறது, ஏனென்றால் 'அடுத்த ஆண்டுதான் செலவிடலாம்' என்று காலத்தை மட்டும் குறிப்பவர்களும் உண்டு. தனி வங்கிக் கணக்கைச் சில கொடையாளர்கள் கேட்பார்கள், கணக்கியல் விதி கேட்பதில்லை.

நூலகத்துக்கென்று 60,000 டாலர் வந்து, இந்த ஆண்டு 20,000 செலவானது என்று வைத்துக்கொள்வோம். 60,000 முழுவதும் கொடையாளர் சொன்ன நெடுவரிசையில் ஏறும். செலவுகள் எல்லாம் மற்ற நெடுவரிசையில்தான் எழுதப்படும். அதனால் 20,000-ஐ இங்கே கழித்து அங்கே கூட்டுவார்கள். மொத்தத்தில் மாற்றமில்லை, இங்கே 40,000 மீதி. இந்த ஆண்டு உபரி போலவும், மிச்சத்தைச் செலவழிக்கும் ஆண்டில் பற்றாக்குறை போலவும் தெரியும். இரண்டுமே தோற்றம்தான். கவலைப்பட வேண்டியது வேறு: 40,000 மீதி என்று காட்டிவிட்டு, வங்கியில் 25,000 மட்டும் இருந்து, முதலீடோ வரவேண்டிய கொடையோ இல்லையென்றால், நூலகப் பணம் சம்பளத்துக்கோ வாடகைக்கோ போயிருக்கிறது.

என் பரிந்துரை 'கொடையாளர் வரையறுத்த நிதி'. இப்படி நெடுவரிசை மாற்றிக் காட்டும் பதிவுக்கு 'விடுவிப்பு'.

பாத்திமா:
எங்கள் அறக்கட்டளையில் நிர்வாகக் குழு தீர்மானம் போட்டு, கட்டடத்துக்கு 10 லட்சம் தனியே வைத்திருக்கிறது. அதுவும் இதில் சேருமா ஐயா?

ராஜகோபாலன்:
அமெரிக்க முறையில் சேராது. குழு போட்ட தீர்மானத்தை நாளைக்குக் குழுவே மாற்றலாம், கொடையாளர் சொன்னதை மாற்ற முடியாது. ஆகவே அது வரையறை இல்லாத பக்கத்திலேயே இருக்கும், குறிப்பில் தனியாகச் சொல்வார்கள். அதை 'ஒதுக்கிய நிதி' எனலாம். 2016-இல் அங்கே தரநிலையைத் திருத்தியபோது தற்காலிகம், நிரந்தரம் என்ற பிரிவுகளை ஒன்றாக்கி, 'கொடையாளர்' என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்தார்கள். நாமும் அதை விடக்கூடாது.

சரவணன்:
வங்கிக் கணக்கு விஷயம் புரிந்தது. ஆனால் 'வரையறுத்த' என்றால் இலக்கணம் சொன்னது போலப் படிக்கிறதே. 'கட்டுண்ட நிதி' சுருக்கம், 'விடுவிப்பு' என்பதோடும் சேர்கிறது.

ராஜகோபாலன்:
கட்டுண்டது என்றால் முடக்கிய கணக்கு என்று வாசகர் நினைப்பார். இது செலவிடக்கூடிய பணம், சொன்ன காரியத்துக்கு.

மீனாட்சி:
'விடுவிப்பு', 'ஒதுக்கிய நிதி' இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். தலைப்புக்கு இப்போதைக்கு 'கொடையாளர் வரையறுத்த நிதி' என்றே போடுகிறேன். அச்சுக்கு முன் இன்னும் நல்ல சொல் கிடைத்தால் எழுதுங்கள்.