டிஸ்ப்ளேயில் 3 டிகிரி, தயிர் பாக்கெட்டில் 9 டிகிரி: தேர்வில் நான் தவறவிட்ட கேள்வி

ஈரோட்டு மாணவன்

உணவு லாஜிஸ்டிக்ஸ் டிப்ளமோ படிக்கிறேன். போன வாரம் விடைத்தாள் கைக்கு வந்தது. 10 மதிப்பெண் கேள்வி ஒன்றில் எனக்கு 4தான். கேள்வியை அப்படியே சொல்கிறேன்.

ஒரு ரீஃபர் லாரியில், அதாவது குளிரூட்டும் யூனிட் பொருத்திய லாரியில், 5 டன் தயிர் பாக்கெட் ஏற்றுகிறார்கள். ஏற்றும்போது தயிர் 12 டிகிரி. பயணம் 9 மணி நேரம். யூனிட்டின் திறன் 5 கிலோவாட், அதில் சுவர் வழியாகவும் கதவு வழியாகவும் உள்ளே வரும் சூட்டுக்கே 1.5 கிலோவாட் போய்விடும். சென்னையில் இறக்கும்போது கேபினில் உள்ள டிஸ்ப்ளே 3 டிகிரி காட்டுகிறது. நடு அடுக்கில் இருந்த கிரேட்டில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 9 டிகிரி. குளிரூட்டும் சுழற்சியை வைத்துக் காரணத்தை விளக்கு.

நான் சுழற்சியின் படத்தை அம்சமாக வரைந்தேன். கம்ப்ரெஸர், கண்டென்சர், எக்ஸ்பான்ஷன் வால்வ், எவாப்பரேட்டர், நாலும் சரி. கடைசியில் 'கம்ப்ரெஸர் பலவீனமாகிவிட்டது' என்று முடித்தேன். அந்த வரிக்குக் கீழே ஆசிரியர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'டிஸ்ப்ளே 3 என்று கேள்வியிலேயே இருக்கிறதே?' அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்.

கோவை ஏசி சர்வீஸ்

தம்பி, கேஸ் கம்மி. பத்து வருஷமாக வீட்டு ஏசி பார்க்கிறேன், இதே கதைதான். கேஸ் குறைந்தால் காயிலில் பாதிதான் குளிரும், மீதிப் பாதி சும்மா இருக்கும். கூலிங் வராது. கம்ப்ரெஸர் என்று எழுதியதற்குப் பதிலாகக் கேஸ் என்று எழுதியிருந்தால் முழு மார்க் வந்திருக்கும்.

ரீஃபர் மெக்கானிக்

கேஸ் குறைந்தால் காயில் பாதி வேலை செய்யாது என்பது உண்மைதான், சர்வீஸ்காரத் தம்பி. ஆனால் அப்போது பெட்டிக்குள் காற்றே 3 டிகிரிக்கு இறங்காது. ஏழு, எட்டு என்று நின்றுகொண்டு யூனிட் ஓயாமல் ஓடும். டிரைவர் கேபினிலிருந்தே பார்த்துவிடுவார். இங்கே காற்று 3 டிகிரிக்கு வந்துவிட்டது. அப்படியென்றால் கம்ப்ரெஸர், கேஸ், வால்வ் எல்லாம் தங்கள் வேலையைச் செய்திருக்கின்றன. ஆசிரியர் சிவப்பு மையில் கேட்டது அதைத்தான்.

நான் 26 வருஷமாக லாரி யூனிட் பார்க்கிறேன். புதிதாக வரும் பையன்களுக்கு முதல் நாளே யூனிட்டின் மூடியைத் திறந்து இரண்டு குழாய்களைத் தொடச் சொல்வேன். எவாப்பரேட்டரிலிருந்து கம்ப்ரெஸருக்கு வரும் தடித்த குழாய் சில்லென்று வியர்த்திருக்கும். கம்ப்ரெஸரை விட்டு வெளியே போகும் குழாயை விரலால் தட்டிப் பார்த்தாலே போதும், பிடிக்க முடியாத சூடு. அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று கேட்பேன். கம்ப்ரெஸர் அழுத்தியதால் என்பார்கள். அது ஒரு பங்குதான். இன்னொரு பங்கு பெட்டிக்குள் இருந்து எடுத்த சூடு. இரண்டையும் சேர்த்துத்தான் கண்டென்சர் வெளிக்காற்றில் கொட்டுகிறது.

நம் லாரிகளில் பெரும்பாலும் R404A கேஸ். சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 46 டிகிரியிலேயே அது கொதித்துவிடும். வால்வ் அழுத்தத்தைக் குறைத்ததும் காயிலுக்குள் அது கொதிக்கிறது, கொதிக்கத் தேவையான சூட்டைக் காயிலைத் தொடும் காற்றிலிருந்து எடுக்கிறது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள் தம்பி: காயில் தயிரைத் தொடவே இல்லை, காற்றைத்தான் தொடுகிறது. தயிருக்கும் காயிலுக்கும் நடுவில் தூது போவது காற்று. அது தயிரிடம் போகவே இல்லையென்றால்?

டிஸ்ப்ளே காட்டுவது காற்றின் சூடு. நான் பார்த்த லாரிகளில் அந்த சென்சார் பெரும்பாலும் திரும்பி வரும் காற்றின் பாதையில் இருக்கும். கிரேட்டுகளைக் கூரைவரை அடுக்கிவிட்டால் யூனிட் ஊதும் குளிர்காற்று மேலே கொஞ்ச தூரம் போய், எதையும் தொடாமல் அப்படியே திரும்பி வந்துவிடும். சென்சார் 3 டிகிரி என்று படிக்கும், யூனிட் 'போதும்' என்று நின்றுவிடும். நடுவில் இருக்கும் தயிருக்கு இது எதுவுமே தெரியாது.

பால்பண்ணைத் தரக்கட்டுப்பாடு

மெக்கானிக் அண்ணா சொன்னதைக் கேள்வியில் உள்ள எண்களாலேயே நிரூபிக்கலாம். ஆசிரியர் எதிர்பார்த்தது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு கிலோ தயிர் ஒரு டிகிரி இறங்கச் சுமார் 3.9 கிலோஜூல் எடுக்க வேண்டும். பாலின் கணக்கையே தயிருக்கும் வைத்துக்கொள்ளலாம். 5,000 கிலோவை 12லிருந்து 4க்குக் கொண்டுவர, அதாவது 8 டிகிரி இறக்க, 1,56,000 கிலோஜூல். யூனிட்டில் சுவர்ச் சூடு போக மிச்சம் 3.5 கிலோவாட். வகுத்தால் 12 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. பயணமோ 9 மணி நேரம். ஆக லாரி கிளம்பும்போதே தோல்வி நிச்சயம்.

ஆனால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். 9 மணி நேரமும் அந்த 3.5 கிலோவாட் முழுதாகத் தயிருக்குப் போயிருந்தால் 1,13,400 கிலோஜூல் எடுத்திருக்கும், தயிர் 6 டிகிரிக்குக் கிட்டத்தில் வந்திருக்க வேண்டும். வந்ததோ 9. இறங்கியது 3 டிகிரிதான், 58,500 கிலோஜூல். யூனிட் செய்திருக்கக்கூடிய வேலையில் ஏறக்குறைய பாதிதான் தயிருக்குக் கிடைத்திருக்கிறது. மீதிப் பாதி நேரம் அது நின்றிருக்கிறது. காற்று தயிரைத் தொடவில்லை என்பதற்குச் சாட்சி இதுதான்.

எங்கள் ஏற்றுமேடையில் இப்போது பாக்கெட்டைத் திறக்காமலே பார்க்கிறோம். இரண்டு பாக்கெட்டுக்கு நடுவில் தெர்மாமீட்டரின் முனையைச் செருகி, இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு எண் நிலைக்கும்வரை காத்திருப்போம். 5 டிகிரிக்கு மேல் இருந்தால் அந்த கிரேட் கோல்ட் ரூமுக்கே திரும்பும். ரீஃபர் லாரி இருக்கிற குளிரைக் காப்பாற்றத்தான், சூடான சரக்கைக் குளிரவைக்க அல்ல.

ஈரோட்டு மாணவன்

அக்கா, கணக்கு புரிந்தது. ஒரு சந்தேகம். 9 டிகிரி என்பது நடு கிரேட். ஓரத்தில் இருந்தவை 5 டிகிரியாக இருந்திருக்கலாமே? அப்போது மொத்தச் சராசரி 7 ஆகக்கூட வரும். பாதி என்ற கணக்கு நிற்காதே?

பால்பண்ணைத் தரக்கட்டுப்பாடு

நியாயமான கேள்வி. ஓரத்து கிரேட் எத்தனை என்று கேள்வித்தாளில் இல்லாதவரை, பாதி என்பதை அடித்துச் சொல்ல முடியாது. நான் ஒரே ஒரு கிரேட்டை வைத்து மொத்தத்தையும் எடைபோட்டுவிட்டேன். ஆனால் ஓரம் 5, நடு 9 என்றாலும் காற்று நடுவுக்குப் போகவில்லை என்ற முடிவு மாறாது.

மாவு அரைக்கும் அக்கா

தம்பி, கேள்வி ஃப்ரிட்ஜைப் பற்றித்தானே? என் அனுபவத்தையும் சொல்கிறேன். இட்லி மாவு அரைத்து 14 கடைகளுக்குப் போடுகிறேன். ஆரம்பத்தில் கிரைண்டரிலிருந்து எடுத்த மாவை 20 லிட்டர் வாளியில் ஊற்றி அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். காலையில் திறந்தால் வாளியின் ஓரம் கைக்குச் சில்லென்று இருக்கும், நடுவில் மாவு பொங்கி மூடியைத் தூக்கியிருக்கும். ஃப்ரிட்ஜ் சரியில்லை என்று ஆள் கூப்பிட்டேன், வந்தவர் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் ஒரு லிட்டர் பாக்கெட்டாகப் போட்டு, பாக்கெட்டுக்கு நடுவே விரல் அளவு இடம் விட்டு வைத்தேன். பொங்குவது நின்றது. லாரியைப் பற்றி எனக்குத் தெரியாது, ஃப்ரிட்ஜுக்கு இது பதில்.

ரீஃபர் மெக்கானிக்

அக்கா, லாரிக்கும் அதேதான் பதில். உங்கள் வாளியின் நடுப்பகுதிதான் அந்த 9 டிகிரி கிரேட்.

தூத்துக்குடி இறால் பேக்கிங்

டிஸ்ப்ளேயை நம்பக்கூடாது என்கிறீர்கள். எனக்கு நேர்ந்தது தலைகீழ். மைனஸ் 18 டிகிரி இறால் லோடு. சரக்கை வாங்க வந்தவர், பயணம் முழுக்க வெப்பநிலையைக் குறித்துவைக்கும் டேட்டா லாகரின் பதிவைப் பார்த்துவிட்டு எடுக்க மாட்டேன் என்றார். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வரைபடம் மைனஸ் 18லிருந்து மைனஸ் 6க்கு ஏறி, அரை மணியில் மறுபடி இறங்கியிருந்தது. குளிர்ச் சங்கிலி அறுந்துவிட்டது, நாலு முறை உருகி உறைந்த சரக்கு என்றார்.

அது டீஃப்ராஸ்ட். காற்றில் உள்ள ஈரம் எவாப்பரேட்டர் காயிலில் பனியாகப் படியும். பனி தடித்தால் காற்று உள்ளே நுழைய வழியில்லை. அதனால் யூனிட் ஃபேனை நிறுத்தி, காயிலைச் சூடாக்கிப் பனியை உருக்கும். சென்சார் காயிலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அந்தச் சூட்டைத்தான் படித்தது. சரக்கு அசையவே இல்லை. அட்டைப்பெட்டியைப் பிரித்துக் காட்டினோம்: இறால்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை, பெட்டிக்குள் புதிதாக உறைந்த நீர் இல்லை, நடு இறாலில் துளையிட்டுப் பார்த்தால் மைனஸ் 17. எடுத்துக்கொண்டார்.

கதவு திறந்ததால் வரும் ஏற்றம் இப்படி இருக்காது. நேரம் ஒழுங்காக வராது, உயரமும் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக இருக்கும், இறங்கவும் வெகுநேரம் பிடிக்கும். தேர்வில் டேட்டா லாகர் வரைபடம் கொடுத்தால் முதலில் இடைவெளியை அளந்து பாருங்கள்.

சேலம் டிரைவர்

நான் ஓட்டுகிறவன். ஏற்றும் இடத்தில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒருவர் 'கதவு திறந்திருந்தாலும் யூனிட் ஓடட்டும், நிறுத்தினால் குளிர் போய்விடும்' என்கிறார். இன்னொருவர் 'நிறுத்து' என்கிறார். ஒரு மே மாதம் யூனிட்டை ஓடவிட்டுக்கொண்டே ஒன்றரை மணி நேரம் ஏற்றினோம். விழுப்புரம் தாண்டியதும் ஃபேன் ஓடும் சத்தம் கேட்கிறது, உள்ளே காற்றே வரவில்லை. நிறுத்திக் கதவைத் திறந்து பார்த்தேன், காயில் முழுக்க வெள்ளையாக, பஞ்சு ஒட்டியது போல் பனி. எது சரி?

ரீஃபர் மெக்கானிக்

நிறுத்துவதுதான் சரி. கதவு திறந்திருக்கும்போது ஃபேன் உள்ளே இருக்கும் குளிரை வெளியே தள்ளி, வெளியே இருக்கும் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் மொத்தமும் காயிலில் பனியாகும். ஏற்றும் முன் வெறும் பெட்டியைக் குளிரவை, கதவைத் திறக்கும்போது நிறுத்து, மூடியதும் ஓட்டு.

பால்பண்ணைத் தரக்கட்டுப்பாடு

லாரியின் பின்பக்கத்தோடு ஒட்டி மூடிக்கொள்ளும் மேடை இருந்தால் யூனிட்டை ஓட்டலாம் என்பது எங்கள் பழக்கம், அண்ணா. வெளிக்காற்று உள்ளே வர வழியே இல்லை.

ரீஃபர் மெக்கானிக்

மேடையும் குளிர் அறைக்குள் இருந்தால் சரி. மேடை வெயிலில் இருந்தால், ரப்பர் மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் நான் ஓட்ட மாட்டேன்.

ஈரோட்டு மாணவன்

விடைத்தாளைத் திரும்ப எழுதிப் பார்த்தேன். 'காற்று 3 டிகிரிக்கு வந்துவிட்டதால் சுழற்சியில் குறை இல்லை; 12 டிகிரியில் ஏற்றிய சரக்கு, 9 மணி நேரம் போதாது; காற்று நடு அடுக்கை அடையவில்லை' என்று வரிசையாக வருகிறது. இன்னும் ஒன்று தொக்கி நிற்கிறது. சென்சார் திரும்பும் காற்றிலா, ஊதும் காற்றிலா என்று கேள்வி சொல்லவே இல்லை. ஊதும் காற்றில் இருந்தால் அடுக்கியதில் தப்பே இல்லாமலும் டிஸ்ப்ளே 3 காட்டியிருக்குமே? திங்கட்கிழமை ஆசிரியரிடம் கேட்கப் போகிறேன்.