குழந்தை ராத்திரியில நாய் குரைக்கிற மாதிரி இருமுது, மூச்சுல சத்தம். அவசரம், யாராவது சொல்லுங்க

புது லெஸ்டர்வாசி (இரவு 1.40)
இங்கிலாந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, ஜிபி-ல இன்னும் பதியல. பாப்பாவுக்கு ரெண்டு நாளா சளி. இப்ப திடீர்னு முழிச்சு குரைக்கிற மாதிரி இருமறா. குரல் கம்மிடுச்சு. மூச்சு விடறப்ப சத்தம் வருது. ஊர்ல இருந்து கொண்டு வந்த இருமல் சிரப் குடுக்கலாமா? ஆஸ்பத்திரிக்குப் போனா பில் எவ்வளவு வரும்?

ஹாரோ குமார்
பயப்படாதீங்க. பாத்ரூம்ல சுடுதண்ணி ஷவரைத் திறந்து விட்டுக் கதவைச் சாத்திட்டு, குழந்தையோட பத்து நிமிஷம் உட்காருங்க. ஆவி உள்ள போனா தொண்டை இளகிடும்.

ரெடிங் அப்பா
இது வீசிங். என் பையனுக்கும் சளி பிடிச்சா இப்படித்தான். நீல இன்ஹேலர் ரெண்டு பஃப் குடுத்தா அடங்கிடும். பக்கத்துல தமிழ்க்காரங்க யார்கிட்டயாவது இருக்கான்னு கேட்டுப் பாருங்க.

ஈஸ்ட்ஹாம் ரவி
இங்க பாரசிட்டமால் தவிர எதுவும் தர மாட்டாங்க பிரதர். ஜிபி-ல பதியவே வீட்டு முகவரிக்கு அத்தாட்சி கேட்டு அலைய விடுவாங்க. வந்த புதுசுல நாங்க பட்ட பாடு இருக்கே...

மீனா, குழந்தைகள் வார்டு நர்ஸ்
ரவி, அதெல்லாம் நாளைக்குப் பேசிக்கலாம். லெஸ்டர்காரரே, நாலு விஷயம் உடனே சொல்லுங்க. வயசு என்ன? சத்தம் மூச்சை உள்ள இழுக்கறப்பவா, வெளிய விடறப்பவா? அழாம சும்மா இருக்கறப்பவும் கேக்குதா? எச்சில் ஒழுகுதா, தண்ணி விழுங்குறாளா?

சட்டையைக் கழட்டி மடியில சாய்ச்சு வச்சுக்கிட்டு, அழுகை அடங்கினதும் பாருங்க. மூச்சு இழுக்கறப்போ தொண்டைக்குழியும் விலா எலும்புக்குக் கீழயும் உள்ள ஒடுங்குதான்னு கவனிங்க. வாயைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாக்காதீங்க. அழ வச்சா வீங்கின குழாய் இன்னும் சுருங்கும். சிரப் வேண்டாம், இருமலை அடக்கி இதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. எமர்ஜென்சி டிபார்ட்மென்ட்ல பார்க்கறதுக்கு இங்க யார்கிட்டயும் காசு வாங்க மாட்டாங்க, அந்தக் கவலையை விடுங்க.

புது லெஸ்டர்வாசி (1.52)
20 மாசம். உள்ள இழுக்கறப்பதான் கர்ர்னு வருது. அழறப்ப ரொம்ப ஜாஸ்தி. மடியில சும்மா இருக்கறப்பவும் லேசாக் கேக்குது. தொண்டைக்குழி கொஞ்சம் உள்ள போகுது. உதடு ரோஸாத்தான் இருக்கு. தண்ணி குடிச்சா, எச்சில் ஒழுகல. என் முகத்தைப் பாக்கறா. லேசாக் காய்ச்சல்.

மீனா, குழந்தைகள் வார்டு நர்ஸ் (1.55)
இது குரூப்ங்கற நோய் மாதிரிதான் இருக்கு. சளி வைரஸ் குரல்வளைக்குக் கீழ மூச்சுக்குழாயை வீங்க வச்சிருக்கு. வீசிங்னா சத்தம் வெளிய விடறப்ப வரும், கோளாறு நெஞ்சுக்குள்ள சின்னக் குழாய்கள்ல. நீல இன்ஹேலர் அங்கதான் வேலை செய்யும், இந்த வீக்கத்தை அது தொடாது.

இருமல் எவ்வளவு பயங்கரமாக் கேக்குதுங்கறது கணக்குல வராது. சும்மா இருக்கறப்ப சத்தம் இருக்கான்னுதான் பாக்கணும். டாக்டர்கள் பயன்படுத்தற வெஸ்ட்லி மதிப்பெண்ல, அழறப்ப மட்டும் சத்தம்னா 1, சும்மா இருக்கறப்பவும்னா 2. நெஞ்சு லேசா ஒடுங்கினா இன்னொரு 1. பாப்பாவுக்கு ஆக மொத்தம் 3. ரெண்டு வரைக்கும் லேசானது. மூணுல இருந்து நடுத்தரம். வீட்ல வச்சுப் பாக்கற கட்டம் இல்ல. கார் ஓட்ட ஆள் இருந்து ஆஸ்பத்திரி பக்கம்னா ஏ அண்ட் ஈ-க்குக் கிளம்புங்க, ஒருத்தர் ஓட்டட்டும், ஒருத்தர் குழந்தை பக்கத்துல. ஓட்ட ஆள் இல்லேன்னா இப்பவே 999.

வழியில உதடு நீலமானாலோ, எச்சில் வழிய ஆரம்பிச்சாலோ, துவண்டு தூங்கிக்கிட்டே போனாலோ நிறுத்திட்டு 999 அடிங்க. துவண்ட குழந்தைக்குச் சத்தம் குறைஞ்சா சரியாகிடுச்சுன்னு நினைக்காதீங்க, களைச்சுப்போய் காத்து உள்ள போறது குறையறதாலயும் சத்தம் அடங்கும்.

ஊர்ல பென்டாவேலன்ட் ஊசி மூணு தவணையும் போட்டாச்சா? அதுல ஹிப் கிருமிக்கும் சேர்த்துத்தான் இருக்கு. அந்தக் கிருமியால குரல்வளைக்கு மேல இருக்கற மூடி வீங்கினா எச்சில் ஒழுகும், காய்ச்சல் கொதிக்கும், குரைக்கிற இருமல் பெரும்பாலும் இருக்காது. ஊசி அட்டையைக் கையோட எடுத்துட்டுப் போங்க.

ஸ்காபரோ அக்கா
ஆவி பிடிக்க விடாதேங்கோ தம்பி. அதால குணம் எண்டதுக்கு ஆதாரம் இல்லை, கொதிதண்ணி பட்டுப் பிள்ளையள் வெந்ததுதான் மிச்சம். நல்லாப் போத்திக் குளிர் காத்துக்குக் கொண்டு போங்கோ. ஜெனீவாவில செய்த ஆய்வு 2023-இல வந்தது: 10 டிகிரிக்குக் குறைஞ்ச வெளிக்காத்தில அரை மணித்தியாலம் வச்சிருந்த பிள்ளையளுக்கு, உள்ளுக்கை இருந்தவையை விடக் கெதியாக் குறைஞ்சதாம். மருந்தும் குடுத்துத்தான் பார்த்தவை.

ஹாரோ குமார்
எங்க பாட்டி காலத்துல இருந்து ஆவிதான். சளிக்குக் குளிர் காத்தா? புதுசாச் சொல்றீங்க.

மீனா, குழந்தைகள் வார்டு நர்ஸ்
அக்கா சொல்றது சரி, ஆனா கார் வரைக்கும் போற வழியில படற காத்து போதும். வெளிய நிக்கறேன்னு நேரம் கடத்த வேண்டாம்.

புது லெஸ்டர்வாசி (மறுநாள் மாலை)
எல்லாருக்கும் நன்றி. குரூப்தான். 11 கிலோ எடை பாத்து டெக்சாமெத்தசோன் 1.65 மில்லிகிராம் வாய் வழியாக் குடுத்தாங்க, ஒரே ஒரு வேளை. ரெண்டு மணி நேரத்துல சும்மா இருக்கறப்ப வந்த சத்தம் நின்னுடுச்சு. பக்கத்து பெட் பையனுக்கு மாஸ்க் வச்சுப் புகை மாதிரி ஏதோ குடுத்தாங்க, அரை மணியில விளையாட ஆரம்பிச்சுட்டான். ஆனா அவனை அனுப்பல, எங்களை அனுப்பிட்டாங்க. எங்களுக்கு ஏன் அதைக் குடுக்கல? இன்னிக்கு ராத்திரி திரும்ப வருமா?

மீனா, குழந்தைகள் வார்டு நர்ஸ்
அது அட்ரினலின் நெபுலைசரா இருக்கும். அரை மணிக்குள்ள வீக்கத்தைச் சுருக்கும், ஆனா ரெண்டு மணி நேரத்துல வேகம் தீர்ந்துடும். திரும்ப மூச்சு முட்டுதான்னு பாக்கத்தான் அவனை வச்சிருப்பாங்க. டெக்சா மெதுவா ஆரம்பிச்சாலும் ஒரு நாளுக்கு மேல நிக்கும். உங்க பாப்பாவுக்கு அதுவே போதுமா இருந்திருக்கு.

இன்னிக்கும் நாளைக்கும் ராத்திரி குரைக்கலாம். குரைச்சா மட்டும் ஓட வேண்டாம். அழுகை அடங்கினப்புறமும் சத்தம் தொடருதா, தொண்டைக்குழி ஒடுங்குதான்னு நேத்து பாத்த மாதிரியே பாருங்க. ரெண்டுல எது இருந்தாலும் திரும்பப் போங்க. சந்தேகம்னா 111, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்னு கேக்கலாம்.

ஸ்காபரோ அக்கா
1.65 தானோ? இங்க கனடாவில கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் எண்டுதான் குடுக்கிறவை. உங்கட பிள்ளைக்கு 6.6 வந்திருக்கும்.

மீனா, குழந்தைகள் வார்டு நர்ஸ்
இங்க கிலோவுக்கு 0.15. சின்ன அளவே போதும்னு சில ஆய்வு, பெரிய அளவு குடுத்தா திரும்ப வர்றது குறையும்னு சில டாக்டர்கள். எங்க வார்டுலயே இதுல ரெண்டு கட்சி.

ரெடிங் அப்பா
அப்ப என் பையனுக்கு வந்ததும் குரூப்தானோ? இன்ஹேலர் குடுத்தா அடங்குச்சே.

மீனா, குழந்தைகள் வார்டு நர்ஸ்
உள்ள இழுக்கறப்பவா, வெளிய விடறப்பவா? அடுத்த தடவை போன்ல அரை நிமிஷம் வீடியோ எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க. அடுத்தவங்க இன்ஹேலரை மட்டும் யாருக்கும் குடுக்கச் சொல்லாதீங்க.

லெஸ்டர்காரரே, நாளைக்கே ஜிபி-ல பதிஞ்சுடுங்க. முகவரி அத்தாட்சி கட்டாயம் இல்ல. அது இல்லாமத் திருப்பி அனுப்பினா, என்ஹெச்எஸ் விதியிலேயே தேவையில்லன்னு இருக்குன்னு சொல்லுங்க.