ரூ.1,500 சுடிதாருக்கு 30% + 20% தள்ளுபடி: பில்லில் 750 வராமல் 840 வந்தது ஏன்?

வண்ணை அம்மா

நேற்று மாலை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடியில் மகளுக்குச் சுடிதார் எடுத்தேன். விலை அட்டையைப் படம் பிடித்து இணைத்திருக்கிறேன். கூட்டத்தில் யாரோ முழங்கையை இடித்ததில் படம் மங்கிவிட்டது, அதனால் அதில் உள்ளதை எழுதியும் விடுகிறேன். மேலே 1,500 என்று அச்சடித்த வெள்ளை ஸ்டிக்கர். அதற்குக் கீழே சிவப்பு மையில் ‘30% + 20% தள்ளுபடி’.

முப்பதும் இருபதும் ஐம்பது. அப்படியென்றால் பாதி விலை, 750 ரூபாய். அதை நம்பி எண்ணூறு ரூபாயைத் தனியாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். பில் 840 என்று வந்தது. கேட்டால், “கம்ப்யூட்டர் போட்ட கணக்கும்மா, தப்பாது” என்று சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் நின்றவரை அழைத்துவிட்டார். இன்னொரு நாற்பது ரூபாய்க்குப் பையின் அடியைத் துழாவ வேண்டியதாயிற்று.

அந்த 90 ரூபாய் எங்கே போனது? எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், “இரண்டையும் கூட்டக் கூடாது அம்மா” என்கிறாள். ஏன் என்று கேட்டால் புத்தகத்தைத் தேடுகிறாள்.

ராயபுரம் ஓய்வூதியர்

அம்மா, இது ஜி.எஸ்.டி. வேலை. உங்கள் கணக்கு சரிதான், பாதி விலை 750. அதன்மேல் 12% வரி போட்டால் 90 ரூபாய். 750-உம் 90-உம் 840. காசு பிசகாமல் வருகிறது பாருங்கள். விலை அட்டையில் வரியும் அடக்கம் என்பதால் தனியாக வசூலிக்கக் கூடாது. பில்லுடன் போய்க் கேளுங்கள், திருப்பித் தருவார்கள்.

ஜவுளிக் கணக்கர்

பெரம்பூரில் ஒரு துணிக்கடையில் பில் பிரிவில் இருக்கிறேன். ஐயா சொன்னது அழகாகப் பொருந்துகிறது, ஆனால் அது தற்செயல். உடைகளுக்கு 12% என்ற படி 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு இல்லை. 2,500 ரூபாய் வரை 5%தான். 750-க்கு 5% போட்டால் 787 ரூபாய் 50 காசு வரும், 840 வராது. அட்டை விலையில் வரி அடக்கம் என்று ஐயா சொன்னது மட்டும் சரி.

அம்மா, பில்லில் தொகைக்கு மேலே என்னென்ன அச்சாகியிருக்கிறது என்று பார்த்து எழுத முடியுமா? விடை அங்கேயே இருக்கும்.

வண்ணை அம்மா

பில்லில் இப்படி இருக்கிறது: விலை 1,500. தள்ளுபடி 450. கூடுதல் தள்ளுபடி 210. செலுத்த வேண்டியது 840.

450 புரிகிறது, அது 1,500-இல் முப்பது சதவீதம். இருபது சதவீதம் என்றால் 300 அல்லவா? 210 எங்கிருந்து வந்தது?

ஜவுளிக் கணக்கர்

அந்த 210-தான் முழுக் கதையும்.

450 கழிந்ததும் உங்கள் சுடிதாரின் விலை 1,050 ஆகிவிட்டது. கடையின் கணினிக்கு அதற்குப் பிறகு 1,500 என்ற எண்ணே கிடையாது. இரண்டாவது 20% இந்த 1,050-இலிருந்துதான் எடுக்கப்படுகிறது. 1,050-இல் 20% என்றால் 210. மீதி 840.

நீங்கள் எதிர்பார்த்த 300-க்கும் கிடைத்த 210-க்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் 90 ரூபாய். அந்த 90 என்ன என்று தனியாகப் பாருங்கள்: முதலிலேயே தள்ளிவிட்ட 450-இல் 20%. அந்த 450 ரூபாயை நீங்கள் கொடுக்கவே போவதில்லை. கொடுக்காத பணத்துக்குக் கடைக்காரர் எப்படித் தள்ளுபடி தருவார்? இரண்டையும் கூட்டும்போது நீங்கள் அந்த 450-க்கும் சேர்த்துத் தள்ளுபடி கேட்கிறீர்கள்.

ஒரே வரியில் எழுதினால்:

1500 × 0.70 × 0.80 = 840

நூறு ரூபாய்ப் பொருளுக்கு 56 ரூபாய் கொடுக்கிறீர்கள். ஆக உங்களுக்குக் கிடைத்தது 44% தள்ளுபடி.

மகளுக்குச் சொல்ல இன்னும் சுலபமான வழி உண்டு. ‘60% + 50%’ என்று ஒரு கடை பலகை வைத்தால்? கூட்டினால் 110%. துணியையும் கொடுத்து, நூற்றுக்குப் பத்து ரூபாயும் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். எந்தக் கடையிலும் அது நடக்காது. நூற்றுக்கு 40 ஆகி, அதில் பாதி 20 ஆகும், அவ்வளவுதான்.

கொருக்குப்பேட்டை இளைஞன்

கடைக்காரர்கள் எப்போதும் பெரிய தள்ளுபடியை முதலில் போட்டு, சின்னதைப் பிறகு போடுவார்கள். அதில்தான் அடிக்கிறார்கள். 20% முதலில் போடச் சொல்லியிருந்தால் உங்களுக்கு லாபம் வந்திருக்கும் அக்கா. போன மாதம் ஷூ வாங்கியபோது வரிசையை மாற்றச் சொல்லிக் கேட்டு 30 ரூபாய் மிச்சம் பிடித்தேன்.

ஜவுளிக் கணக்கர்

தம்பி, போட்டுப் பாருங்கள். 1,500-இல் 20% முதலில்: 300 போய் 1,200. அதில் 30%: 360 போய் 840. அதே தொகைதான். பெருக்கலில் எது முன்னால் வந்தாலும் ஒன்றே.

நீங்கள் 30 ரூபாய் மிச்சம் பிடித்ததையும் நம்புகிறேன். உங்களிடம் இருந்த இரண்டில் ஒன்று சதவீதமாக இருந்திருக்காது, நூறு ரூபாய் கூப்பன் மாதிரி ஏதாவது இருந்திருக்கும். சரியா?

கொருக்குப்பேட்டை இளைஞன்

ஆமாம், 100 ரூபாய் கூப்பனும் 30 சதவீதமும். எப்படித் தெரிந்தது?

ஜவுளிக் கணக்கர்

30 ரூபாய் என்ற தொகையே காட்டிக்கொடுத்துவிட்டது. கூப்பனை முதலில் கழித்தால் விலையோடு சேர்ந்து கூப்பனுக்கும் 30% வெட்டு விழுகிறது. நூறு ரூபாய் கூப்பன் எழுபது ரூபாய்க்குத்தான் பயன்படும். சதவீதத்தை முதலில் கழித்துவிட்டுக் கூப்பனைக் கடைசியில் கொடுத்தால் முழு நூறும் உங்களுக்கு. ஷூவின் விலை எதுவானாலும் அந்த வித்தியாசம் 30-தான். ஆகவே ரூபாய்க் கணக்கு கலந்திருக்கும்போது வரிசையைக் கேளுங்கள், கடை சம்மதித்தால் நல்லது. இரண்டுமே சதவீதம் என்றால் வாதாடி வாயை வலிக்க வைத்துக்கொள்ள வேண்டாம்.

வண்ணை அம்மா

90 ரூபாய் புரிந்துவிட்டது. கடையில் கோபமாகப் பேசிவிட்டேனே என்று இருக்கிறது.

ஆனால் இன்னொன்று. வீட்டுக்கு வந்து அட்டையைக் கழற்றும்போது வெள்ளை ஸ்டிக்கரின் ஒரு மூலை எழும்பியிருந்தது. நகத்தால் மெல்லக் கிளப்பினால், அடியில் 1,200 என்று மங்கலாக ஓர் எண்! இடப்பக்கம் பசையோடு கிழிந்து வந்துவிட்டதால் எண்ணுக்கு முன்னால் என்ன எழுதியிருந்தது என்று தெரியவில்லை. இரண்டாவது படத்தில் பாருங்கள். விலையை ஏற்றிவிட்டுத் தள்ளுபடி கொடுத்திருக்கிறார்களா?

ராயபுரம் ஓய்வூதியர்

நான் அப்போதே சந்தேகப்பட்டேன். 1,200-ஐ 1,500 ஆக்கினால் 25% ஏற்றம். ஐம்பது கொடுத்து இருபத்தைந்தை வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் உங்களுக்குக் கிடைத்தது 25% தள்ளுபடி மட்டும்.

தண்டையார்பேட்டை தையல்காரர்

இந்த ஏற்றி இறக்கும் கணக்கில் நானே மாட்டியிருக்கிறேன். லைனிங் வைத்த ரவிக்கைக்குத் தையல் கூலி 400 வாங்கிக்கொண்டிருந்தேன். 25% ஏற்றி 500 ஆக்கினேன். பொங்கல் சமயத்தில் வாடிக்கையாளர்களுக்கு ‘25% தள்ளுபடி’ என்று அட்டை எழுதி ஒட்டினேன், பழைய கூலிதானே வரும், நமக்கு நஷ்டமில்லை என்று நினைத்து. கையில் வந்தது 375. ரவிக்கைக்கு 25 ரூபாய் குறைந்தது. பத்துப் பதினைந்து தைத்த பிறகுதான் நூல் செலவு கட்டுப்படியாகாமல் உட்கார்ந்து பார்த்தேன். இன்றுவரை ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஜவுளிக் கணக்கர்

அக்கா, நீங்கள் ஏற்றிய 25% நானூறின் மேல், அதாவது 100 ரூபாய். இறக்கிய 25% ஐந்நூறின் மேல், அதாவது 125 ரூபாய். சதவீதம் ஒன்றுதான், ஆனால் எதன்மேல் என்பது மாறிவிட்டது. ஐந்நூறிலிருந்து நூறைக் கழிக்க 20% போதும். அட்டையில் 20% என்று எழுதியிருந்தால் பழைய கூலி வந்திருக்கும்.

ராயபுரம் ஐயாவின் கணக்கிலும் இதே இடறல்தான். 1,200-இல் 25% தள்ளுபடி என்றால் 900 வர வேண்டும். அம்மா கொடுத்தது 840. பழைய விலையில் 360 குறைந்திருக்கிறது, அது 30%. கவனியுங்கள்: 25% ஏற்றத்தை அந்தக் கூடுதல் 20% அப்படியே அழித்துவிட்டது, 1,500-இல் 20% போனால் 1,200. மிச்சம் நின்றது முதல் 30% மட்டும். அடியில் இருந்த 1,200 உண்மையிலேயே இதே துணியின் பழைய விலை என்றால், ‘+ 20%’ என்பது வெறும் அலங்காரம்.

அந்த ‘என்றால்’ முக்கியம். எங்கள் கடையிலேயே மீந்த அட்டையில் வேறு துணிக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது உண்டு, 1,200 வேறொரு அளவின் விலையாகவும் இருக்கலாம்.

ராயபுரம் ஓய்வூதியர்

அலங்காரம் என்கிறீர்கள், நான் மோசடி என்கிறேன். பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி எம்.ஆர்.பி.யைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டலாம், அதுவும் பழைய எண்ணை மறைக்காமல். ஏற்றி ஒட்டக் கூடாது. தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. புகார் கொடுக்கலாம்.

ஜவுளிக் கணக்கர்

இந்த முறை ஐயாவுடன் உடன்படுகிறேன், ஒரு நிபந்தனையோடு. அடியில் இருந்தது எம்.ஆர்.பி. என்று அச்சிடப்பட்டிருக்க வேண்டும். கடை தானே எழுதிய விற்பனை விலையாக இருந்தால் கதை வேறு. கிழிந்துபோன இடப்பக்கத்தில்தான் அந்த எழுத்துகள் இருந்திருக்கும். ஸ்டிக்கரின் பசைப்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள் அம்மா, மை அதில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். எழுத்து இடவலமாக மாறித் தெரியும், கண்ணாடியில் காட்டிப் படியுங்கள்.

வண்ணை அம்மா

பார்த்தேன். ஒரு புள்ளியும் பாதி எழுத்தும் தெரிகின்றன. எம்.ஆர்.பி. என்று மகள் சொல்கிறாள், ரூ. என்று எனக்குத் தோன்றுகிறது. சனிக்கிழமை துப்பட்டா மாற்ற அதே கடைக்குப் போகிறேன். அதே ரகத்தில் வேறு அளவு தொங்கினால் அதன் அட்டையையும் படம் பிடித்துப் போடுகிறேன். இந்த முறை முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு.